கேள்வி கேட்கும் நாற்காலி

என் மச்சினன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய அன்றைக்கே இங்கிலீஷ் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும். அதற்கு அவ்வளவு சமயோசிதம் போதவில்லை. டயர் கடைக்கு மேலே, ஒரு ஹாலும் இரண்டு தீப்பெட்டி அறைகளுமாக இருந்த மாடியில் அவனிடம் வசமாக மாட்டிக்கொண்டது.

கீழே காற்றடிக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் மாடியில் ஒரு வார்த்தை கேட்காது. பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வாக்கியத்தில் அப்படியே சிலையாக நின்று, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இதனால் அங்கே படித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும், அமைதியான இடத்தில்கூட, திடீரென்று வாயைத் திறந்தபடி பத்து விநாடி நிற்பார்கள். அதற்கு மச்சினன் ‘புரொஃபஷனல் பாஸ்’, அதாவது தொழில்முறை இடைநிறுத்தம், என்று பெயர் வைத்திருந்தான். அப்படி எதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிற திறமையில்தான் அவன் டைரக்டர் ஆனான். அவனைத் தவிர அங்கே வேறு பதவியும் கிடையாது என்பது வேறு விஷயம்.

நான் நூல் மில் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறு வாரமே என் மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டு என்னை ஒப்படைத்துவிட்டாள். "வீட்டுல இருந்தா சமையக்கட்டு டப்பாவை எல்லாம் திறந்து ஸ்டாக் எடுக்கறாருடா. நீயே கூட்டிட்டுப் போ" என்றாள். அதிலிருந்து அந்த மாடியில் கதவைத் திறப்பது, பெஞ்சை நகர்த்துவது, வருகிறவர்களிடம் டைரக்டர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்வது ஆகியவை என் இலாகாக்கள். மீட்டிங் என்பது மத்தியானத் தூக்கம்.

அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். டீச்சர். வயது முப்பதுக்குள். குரலே உயர்த்த மாட்டார். ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஹாலில் கொசுகூடப் பறக்க யோசிக்கும். வேலைக்கு நேர்காணல் போகிற பட்டதாரிகளுக்கென்று அவர் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு உரையாடலும் அதற்கான பயிற்சிகளும் எழுதினார். நானும் படித்துப் பார்த்தேன். எனக்கே வேலைக்குப் போகலாமா என்று தோன்றிவிட்டது.

உரையாடலில் இரண்டே பேர். ஏ என்பவர் நேர்காணல் நடத்துகிறவர். பி என்பவர் வேலை கேட்டு வந்தவர். ஏ பேசுவது முழுசாக எழுதியிருக்கும். பி பேசுவதில் பாதி கோடிட்ட இடம்: என் ஊர் இன்னது, நான் செய்த ஒரு வேலை இன்னது, அதில் வந்த சிக்கல் இன்னது, அதை நான் இப்படிச் சமாளித்தேன். அவரவர் சொந்தக் கதையை அவரவரே இட்டு நிரப்ப வேண்டும். முதல் பயிற்சி, எங்கே நிறுத்த வேண்டும் என்று போட்டிருக்கும் கோடுகளைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுப் படிப்பது. அடுத்தது, இருவர் இருவராக உட்கார்ந்து பேசுவது. பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு நாலைந்து குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது. அதற்கப்புறம்தான் டீச்சரின் விஷமம்: ஏ கையில் சின்ன அட்டைகள். அவற்றை பி பார்க்கக் கூடாது. ‘பதிலில் ஒரு சொல்லைப் பிடி. எப்போது என்று கேள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேள். ஒரு உதாரணம் கேள்.’ கடைசியாக ஏயும் பியும் இடம் மாறி மறுபடியும் செய்ய வேண்டும். ஃபோனில் பதிவு செய்து தாங்களே கேட்க வேண்டும். நடுவில் யாரும் திருத்தக் கூடாது. தப்பெல்லாம் பேசி முடித்த பிறகுதான்.

மச்சினன் இதைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"டீச்சர், இவ்வளவு ஓட்டை இருந்தா புக் வாங்கறவன் என்ன நினைப்பான்?"

"ஓட்டை இல்ல சார். அது அவங்க பேச வேண்டிய இடம்."

"அவங்களுக்குப் பேசத் தெரிஞ்சா நம்மகிட்ட எதுக்கு வரப்போறாங்க?" என்றான். உலகத்தில் எந்தக் கல்வி நிபுணரும் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். ஆள் அசரவில்லை. அன்று மாலையே எல்லாக் கோடிட்ட இடங்களையும் தானே நிரப்பி அச்சுக்குக் கொடுத்துவிட்டான். அதன்படி பி சொல்ல வேண்டியது இதுதான்: என் அப்பா பேங்க் ஆபீசர். என் பொழுதுபோக்கு தோட்டக்கலை. என் பலம் கடின உழைப்பு. என் பலவீனம், எடுத்த காரியத்தை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. முப்பது பேர் அந்த பேட்ச்சில். முப்பது பேருக்கும் ஒரே அப்பா. ஊரில் அந்தக் குடும்பம் ஒன்றுதான் இருந்தது போல.

அடுத்த சங்கடம் ஏ ஆக உட்கார ஆள் கிடைக்காதது. ஃபீஸ் கட்டியவர்கள் ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. வேலை கேட்கப் போகிறவன் எதற்குக் கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ‘கட்டின காசுக்கு நான் பி’ என்று ஒருவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்தான். மச்சினன் யோசித்தான். ஃபீஸ் கட்டாமல் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒருத்திதான்: அவன் அக்கா மகள், என் சின்னவள்.

சின்னவள் புள்ளியியல் படித்தவள். படிப்பு முடிந்து நாளாகிவிட்டது. எழுத்துத் தேர்வென்றால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய்விடுவாள். நேர்காணலில் வாய் திறக்க வேண்டும் என்றால் கத்தியும் உருகிவிடும். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இந்த வகுப்பு முடிவதற்குள் அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் டயர் கடை மாடியில் ரிசப்ஷனிஸ்ட். முன்பு அந்த இடத்தில் இருந்த பெண் ஒரு பெரிய கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் இருந்து அப்படிப் போனவள் அவள் ஒருத்திதான். வகுப்பில் உட்காராதவளும் அவள் ஒருத்திதான்.

ரிசப்ஷன் என்பது மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபோன், மீன் இல்லாத ஒரு மீன் தொட்டி. சின்னவள் ஒருநாள் படியேறும்போது அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இதுல உட்கார்ந்தா நான் எழுந்திருக்கவே மாட்டேன்ப்பா. மாமா நல்லவர். சம்பளத்துக்குப் பதிலா சாப்பிட்டியான்னு கேட்பார். அதைக் கேட்டுக்கிட்டே எனக்கு வயசாயிடும்."

மச்சினனைப் பற்றி இவ்வளவு துல்லியமாக நானே அதுவரை சொன்னதில்லை.

ஆக, சின்னவள் ஏ ஆனாள். காலையில் ஏ, மத்தியானம் ஏ, சாயங்காலம் ஏ. முப்பது பியும் வரிசையில் வந்து எதிரே உட்கார்ந்து தங்கள் பேங்க் ஆபீசர் அப்பாவைப் பற்றி ஒப்பித்துவிட்டுப் போனார்கள். டீச்சர் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தில் மச்சினன் வெட்டியெறிந்த அந்த அட்டைகளைக் கையால் எழுதி அவளிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டார். பி ஒப்பித்து முடித்ததும் சின்னவள் அட்டையைப் பார்த்து ஒரு கேள்வி போடுவாள். என்ன செடி? எப்போ வெச்சீங்க? நேத்து அதுல என்ன பூத்தது? பி பேந்தப் பேந்த முழித்து, டைரக்டரைப் பார்த்து, ‘சார், இது சிலபஸ்ல இல்ல சார்’ என்பான். ஆனால் கேள்வி என்றால் மனப்பாடம் செய்ய முடியாது அல்லவா? எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் அடுத்த கேள்வி வரும். முதல் வாரம் அவளுக்குத் தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது. அப்புறம் வார்த்தை வந்தது. அப்புறம் தாராளமாக வந்தது. கடைசியில் வீட்டில் என் மனைவி ரசத்தில் உப்பில்லை என்று சொன்னதற்கு, ‘எப்போ இருந்து? அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?’ என்று அட்டை பார்க்காமலே கேட்டு அடிவாங்கப் பார்த்தாள்.

எனக்கு இது சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு இல்லை. ஏனென்றால் பி ஆக ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை. மாமாவிடம் கேட்டால், கடைசி வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்றான். டீச்சர் மன்றாடினார். கடைசி வாரம், கடைசி வாரம் என்றே ஓட்டினான்.

கடைசி வாரம் வரவே இல்லை, கம்பெனிதான் வந்தது.

துணி துவைக்கும் மெஷின், மிக்சி மாதிரியான வீட்டுச் சாமான்களை வெளிநாடுகளுக்கெல்லாம் விற்கிற கம்பெனி. வாங்கியவர்கள் மெஷின் ஓடவில்லை என்று ஃபோன் செய்தால் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆள் வேண்டும். காலியிடம் நான்கு. மச்சினன் எங்கே யாருடைய காலைப் பிடித்தானோ, நேர்காணலை எங்கள் மாடியிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்துவிட்டான். ஆனால் தேதியை அவர்கள் ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள்.

அன்று காலை ஹாலே கல்யாண வீடு மாதிரி இருந்தது. முப்பது பேரும் சலவை மடிப்புக் கலையாமல் சுவரோரம் நின்று, உதட்டை மட்டும் அசைத்துத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் நாங்கள் தினமும் பயிற்சி நடத்துகிற அதே மேஜை, அதே நாற்காலிகள். கேட்கிறவர்கள் பக்கம் மூன்று, பதில் சொல்கிறவர் பக்கம் ஒன்று. கம்பெனியில் இருந்து வந்தது இரண்டு பேர்தான். ஒருவர் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற பிரிவின் அதிகாரி அம்மா. இவர் ஒருவரைப் பார்க்கிறபோதே அவருக்கு எத்தனை நாள் லீவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிற மாதிரி பார்ப்பார். மற்றவர் ஒரு இளவட்ட இன்ஜினியர். பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருந்ததால் நான் அவருக்குப் பேனாக்காரர் என்று பெயர் வைத்தேன். மூன்றாமவர், பெரிய மேனேஜர், வழியில் போக்குவரத்தில் சிக்கியிருந்தார். அந்த அறையின் கண்ணாடிக் கதவில் பட்டியலோடு நான்.

மச்சினன் சின்னவள் கையில் தண்ணீர் பாட்டில்களைத் திணித்து உள்ளே அனுப்பினான். வீட்டுப் பெண்ணாயிற்றே. அவள் பாட்டில்களை மேஜையில் வைத்தாள். அதிகாரி அம்மா தாள்களில் இருந்து தலையைத் தூக்காமல், காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியைக் காட்டி, ‘குட். ப்ளீஸ் சிட்’ என்றார். இன்ஸ்டிடியூட் சார்பில் வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். வேறு யாராவது என்றால் திகைத்திருப்பார்கள். சின்னவள் எத்தனை வாரமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மூளை யோசித்து முடிப்பதற்குள் உடம்பு உட்கார்ந்துவிட்டது. மார்க் போடுகிற தாளில் ஒரு பிரதி அவள் முன்னால் வந்து விழுந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் முதல் நம்பரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மச்சினன் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து என் கையைப் பிடித்தான். "அத்தான், அவ அங்க என்ன பண்றா?"

"வேலை பார்க்கறா."

"கேண்டிடேட் அத்தான் அவ."

"உள்ள போய் நீயே சொல்லு, மாப்ளே. இங்கிலீஷ்ல சொல்லணும்."

அவன் போகவில்லை.

முதலில் போனவன் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். அதனால் எல்லோருக்கும் அவன் முழுக்கை. ‘டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்’ என்றார் அதிகாரி அம்மா. முழுக்கை பேங்க் ஆபீசரில் ஆரம்பித்து, தோட்டத்தில் நுழைந்து, தூக்கம் வராத இடத்தில் போய் முடித்தான். நடுவில் கீழே மெஷினே ஓடாமல் ஒரு புரொஃபஷனல் பாஸும் கொடுத்தான். பேனாக்காரர் நன்றி சொல்லி அனுப்பப் பார்த்தார். அப்போது சின்னவள் வாயைத் திறந்தாள். இங்கிலீஷில்தான் கேட்டாள், நான் சுருக்கித் தருகிறேன்.

தோட்டம் இருக்கட்டும், நேற்று நீங்கள் ஏன் வகுப்புக்குத் தாமதமாக வந்தீர்கள் என்று கேட்டாள்.

முழுக்கை இரண்டு பக்கமும் பார்த்தான். அந்தப் பதில் புத்தகத்தில் இல்லை. நேற்று நிஜமாகவே பஸ் நடுவழியில் நின்றிருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தான். வினைச்சொல்லெல்லாம் கை கால் முறிந்து விழுந்தது. ஆனால் பஸ் நகர்ந்தது. டிரைவருக்கு டிப்போவின் நம்பர் தெரியவில்லை, இவன் தேடிக் கொடுத்தான், பயந்த ஒரு கிழவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டான், எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பஸ்ஸைத் தள்ளினான். சொல்லும்போது சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தான். அதிகாரி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவின் டக் டக் சத்தம் நின்றது.

அடுத்தவன் பெயர் ஃப்ளைட். பேச ஆரம்பித்தால் எங்குமே இறங்க மாட்டான். அவன் தோட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் கடந்துவிட்டான். உங்கள் அம்மாவுக்கு ஃபோனில் படம் அனுப்பச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றாள் சின்னவள். அம்மாவை நினைத்ததும் அவன் வேகம் குறைந்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பிறகு வந்தவள் மோட்டார். அவள் அப்பா மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை வைத்திருப்பவர். அவளும் அங்கேதான் வளர்ந்தாள். புத்தகத்துக்கு அஞ்சி அவரை பேங்க் ஆபீசராக்கி வைத்திருந்தாள். சின்னவள் கேட்ட ஒரே கேள்வியில் பேங்க் சாத்தப்பட்டுக் கடை திறந்துவிட்டது. எரிந்த மோட்டாரை முகர்ந்தே கண்டுபிடிப்பதை மோட்டார் விளக்கினாள். பேனாக்காரர் தன் நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்படியே போயிற்று. எல்லோரையும் அவள் கரையேற்றினாள் என்று புளுக மாட்டேன். சிலர் தோட்டத்தை விட்டு வெளியே வரவே மறுத்து அங்கேயே செடியாகிவிட்டார்கள். இடையில் அதிகாரி அம்மா குனிந்து, இங்கே எத்தனை வருஷமாக வேலை செய்கிறீர்கள் என்று சின்னவளிடம் கேட்டார். அவள், ‘மேடம், நான்’ என்று ஆரம்பித்தாள். கீழே காற்றடிக்கும் மெஷின் கிளம்பியது. அது அடங்கியபோது அடுத்த ஆள் வந்து உட்கார்ந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

இடம் நான்கு. அவள் தாளில் நல்ல மார்க் விழுந்தவர்களைக் கதவில் இருந்தே எண்ணினேன். நான்கு எப்போதோ தாண்டிவிட்டது. பெண் தன் கையாலேயே தன் வேலையை ஊருக்குப் பந்தி வைத்துக்கொண்டிருந்தாள். டீ இடைவேளையில் அவளை மாடிப்படிப் பக்கம் இழுத்தேன். பக்கத்திலேயே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி.

"ஏம்மா, கொஞ்சம் சுமாரா கேளேன். தோட்டத்தோட விட்டுடேன். இன்னும் நீ உள்ள போகணும்ல?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

"அவங்களுக்குப் பேச வரும்னு எனக்குத் தெரியுதே. தெரிஞ்சுக்கிட்டே எப்படிப்பா வாயை மூடிட்டு உட்கார்றது?" என்றாள். கொஞ்ச நேரம் அந்த மீன் தொட்டியைப் பார்த்தாள். "என் நம்பர் வர்றப்போ சொல்லிடறேன்."

அவள் நம்பர் பட்டியலில் கடைசி. மச்சினன்தான் அப்படிப் போட்டிருந்தான். காசு கட்டியவர்கள் முதலில்.

நான் கதவில் நின்று அந்த நம்பரைக் கூப்பிட்டேன். வெளியே இருந்து யாரும் வரவில்லை. வருவதற்கு யார் இருக்கிறார்கள்? மறுபடியும் கூப்பிட்டேன். அதிகாரி அம்மா, ஆள் வரவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார். சின்னவள் எழுந்தாள்.

"நான்தான் மேடம்" என்றாள், இங்கிலீஷில். மேஜையைச் சுற்றி நடந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பேனாக்காரர் கையில் இருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. எங்கள் ஹாலில் அவ்வளவு நிசப்தம் டயர் கடை கட்டுவதற்கு முன்னால்தான் இருந்திருக்கும். நடந்ததைச் சின்னவள் சொன்னாள்: தண்ணீர் வைக்க வந்ததாகவும், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்துவிட்டதாகவும், அப்போதே சொல்லாதது தன் தப்பு என்றும். பிறகு, "நான் போட்ட மார்க்கை எல்லாம் அழிச்சிடுங்க. ஆனா அவங்க பேசினது நிஜம். அதை அழிச்சிடாதீங்க" என்றாள்.

அதிகாரி அம்மாவின் முகத்தில் லீவு, சம்பளப் பிடித்தம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் வரிசையாக ஓடின. கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். ‘டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்.’

நூறு தடவை அவளே கேட்ட கேள்வி. ஆயிரம் தடவை என்று சொன்னாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சின்னவள் வாயைத் திறந்தாள். ‘மை ஃபாதர் இஸ் எ பேங்க்’ என்று தொடங்கி, கதவில் நிற்கிற அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் அவளுக்காக பேங்க் ஆபீசராகிவிடவும் தயாராக இருந்தேன். அவள் தலையைக் குனிந்தாள். "இந்த நாற்காலியில நான் இதுவரைக்கும் உட்கார்ந்ததே இல்ல, மேடம்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் பெரிய மேனேஜர் உள்ளே நுழைந்தார். வேர்வையில் தொப்பலாக நனைந்து, உலகத்தில் உள்ள எல்லா லாரிகளின் மேலும் கோபமாக இருந்தார். காலியாகிவிட்ட மூன்றாவது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அதிகாரி அம்மா விஷயத்தை விளக்கப் போக, கையை ஆட்டித் தடுத்துவிட்டார். அவருக்குக் கதையெல்லாம் வேண்டாம். வருகிற ஆளோடு ஒரு ஃபோன் காலை நடித்துப் பார்த்தால் போதும். அவர் வாடிக்கையாளர், இவள் கம்பெனி. "என் மெஷின் துணியைப் பிழியவே மாட்டேங்குது. நீங்கல்லாம் என்னதான் பண்றீங்க?" என்று இங்கிலீஷில் இரைந்தார். நடிப்புக்கு அவருக்குச் சிரமமே இல்லை.

சின்னவள் நிமிர்ந்தாள். அது வேறு பெண். அவள் உட்கார்ந்திருந்தது பி நாற்காலியில். ஆனால் கேட்க வேண்டியது அவள்தான். முதலில், உங்களுக்குச் சிரமம் ஆகிவிட்டது, இரண்டு மூன்று கேள்வி கேட்கலாமா என்றாள். எப்போதிலிருந்து? நேற்றிலிருந்து. தண்ணீர் உள்ளே வருகிறதா? வருகிறது. வெளியே போகிறதா? மேனேஜர் யோசித்தார்; இல்லை, அடியில் தேங்கித்தான் நிற்கிறது. தண்ணீர் வெளியேறாமல் அது பிழியாது இல்லையா என்று பேனாக்காரரைப் பார்த்துக் கேட்டார். பேனாக்காரர் தலையாட்டினார். நேற்றைக்கு முன்னால் மெஷினை யாராவது நகர்த்தினீர்களா என்றாள் சின்னவள்.

மேனேஜரின் கோபம் வழியில் எங்கோ இறங்கிப் போயிற்று. "தரையைத் துடைக்கறதுக்காக இழுத்தோம். அப்புறம் சுவரோட சேர்த்துத் தள்ளிட்டேன்."

தண்ணீர் வெளியே போகிற குழாய் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் மடங்கியிருக்கிறதா, பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள்.

நடிப்பு எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் ஃபோனை எடுத்து வீட்டுக்கே அடித்துவிட்டார். குரல் நூலாக மெலிந்தது. "ஏம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் முன்னால இழுத்துப் பாரேன்... பின்னாடி பைப்பு... ஆமா, நான்தான் தள்ளினேன், இப்ப அதையா பேசணும்... நேரா வெச்சிட்டியா? இப்ப போடு." நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஃபோனில் தண்ணீர் சளசளவென்று வடிகிற சத்தம் எனக்கே கேட்டது என்றால் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம்.

"சார், நம்ம ஹெல்ப்லைனுக்கு நீங்க ஃபோன் பண்ணியிருக்கலாமே" என்றார் பேனாக்காரர்.

"பண்ணேன்ப்பா. புக்கைப் பார்த்து ஒப்பிக்கற மாதிரியே ஒருத்தன் படிச்சிட்டு வெச்சிட்டான்."

அதிகாரி அம்மா சட்டத்தை விடவில்லை. சின்னவள் போட்ட மார்க்குகளை அடித்துவிட்டு, தானும் பேனாக்காரரும் போட்டதை மட்டும் கூட்டினார். அப்போதும் முழுக்கை, ஃப்ளைட், மோட்டார் மூன்று பேரும்தான் மேலே வந்தார்கள். நான்காவது இடத்துக்கு யார் என்பதைப் பற்றி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நானும் மச்சினனும் டீச்சரும் கதவில் காதை வைத்தோம்; அந்த டயர் கடைக்காரன் அன்றைக்கு விடாமல் காற்றடித்தான். கதவு திறந்தபோது அதிகாரி அம்மா சின்னவளிடம் கையை நீட்டினார். திங்கட்கிழமை வரச் சொன்னார். இனிமேல் யாராவது உட்காரச் சொன்னால் முதலில் நீ யார் என்று சொல்லிவிட்டு உட்கார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வீட்டில் என் மனைவி தம்பிக்கு ஃபோன் போட்டு, ரிசப்ஷனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவன் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அதற்குள் அவன் பேனர் அடிக்கக் கொடுத்திருந்தான்: கேள்வி கேட்டே வேலை வாங்கும் ஒரே பயிற்சி மையம். தன் மூளையில் உதித்த முறை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஏ ஆக உட்கார இப்போது தனிக் கட்டணம். புது பேட்ச் அலைமோதிக்கொண்டு சேர்ந்தது. எல்லோருக்கும் ஏ நாற்காலிதான் வேண்டும். ‘கட்டின காசுக்கு நான் ஏ’ என்று பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹால் நிறையக் கேள்வி; பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த அட்டைகளையும் கோடிட்ட இடங்களையும் திரும்பக் கொண்டுவந்து, பி நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார். காலையில் இருந்து சாயங்காலம் வரை பட்டதாரிகள் வரிசையாக வந்து என்னைக் குடைகிறார்கள். எப்போ? யார்கூட? அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? நானும் நூல் மில், பஞ்சு மூட்டை, ஸ்டோர்ஸ் பூனை என்று என் இங்கிலீஷில் வாரி விடுகிறேன். முப்பது வருஷமாக என் மனைவி கேட்காத கதைகளை எல்லாம் இந்தப் பிள்ளைகள் விடாப்பிடியாகக் கேட்கிறார்கள்.

நேற்று சின்னவள் வேலை முடிந்து வந்து, இன்றைக்காவது நேர்காணலில் தேறினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். பதில் ரொம்ப நீளம் என்று மற்றவர்களெல்லாம் மார்க் தாளில் எழுதிவிட்டார்கள். ஒருத்தி மட்டும், இவர் சொல்வதில் பாதி நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.